அக்காவுக்குப் பசிக்க மாட்டேங்குது!

விடியற்காலை ஐந்தரை மணிக்கு போன் அடித்தால், எங்கள் வயதுக்காரர்களுக்கு முதலில் வயிறு கலங்கும். கடந்த வருடம் ஜூலை மாதம் அப்படித்தான் அடித்தது. சிட்னியிலிருந்து அக்காவின் பேரன். அங்கே காலை பத்து மணி.

"சின்ன அப்பத்தா, அப்பத்தாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கோம். நான்தான் டிரான்ஸ்லேட் பண்ணினேன். டாக்டர் ஒண்ணும் பெரிசா இல்லைங்கிறாங்க. ஆனா அப்பத்தா அழுறாங்க."

பையனுக்கு 16 வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். அப்பா, அம்மா இருவரும் அன்றைக்கு வேலையில் மாட்டிக்கொண்டதால், பள்ளி விடுமுறையில் இருந்த அவன்தான் அப்பத்தாவுடன் போயிருக்கிறான். தமிழ் நன்றாகவே பேசுவான். இங்கிலீஷ் சொல்லவே வேண்டாம். அப்படியிருக்க, எங்கே தவறியது?

அக்காவுக்கு 71 வயது. சின்னாளபட்டியில் வாழ்க்கைப்பட்டவள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டே விரல் நுனி காய்த்துப்போனவள். சர்க்கரை நோய் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாமென்று மே மாதம் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன் இங்கே சோதித்ததில் சர்க்கரை கூடியிருந்ததால், மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். போய் இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இளைத்துவிட்டாள். அதற்காகத்தான் டாக்டரிடம் போனது.

"அப்பத்தா என்ன சொன்னாங்க, நீ என்ன சொன்னே? ஒண்ணொண்ணா சொல்லுய்யா" என்றேன். அவன் சொன்ன மூன்று வரிகளை டைரியில் எழுதிக்கொண்டேன்.

பசியைப் பற்றி டாக்டர் கேட்டதற்கு அவன் சொன்ன பதில், 'ஷி இஸ் நாட் ஹங்ரி.' சாப்பாட்டைப் பற்றி, 'ஷி டஸின்ட் லைக் த ஃபுட்.' வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்றதற்கு, 'ஷி இஸ் ஸ்கேர்ட்.'

மூன்றும் தப்பில்லாத இங்கிலீஷ். நான் பரீட்சைத் தாள் திருத்தினால் மூன்றுக்கும் முழு மார்க் போட்டிருப்பேன். ஆனால் அந்த மூன்றையும் கேட்ட டாக்டர் அம்மாவுக்கு என்ன தோன்றியிருக்கும்? வயதானவர், புது நாடு, அந்த ஊர்ச் சாப்பாடு பிடிக்கவில்லை, தனிமையில் பயப்படுகிறார். "அவருக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள், வெளியே அழைத்துப் போங்கள், இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கேட்டதற்குச் சரியான முடிவுதான். அவர் மேல் குறையே இல்லை.

குறை என் மேல். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் 32 வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். தமிழ் மீடியம் பிள்ளைகள். 'எனக்குப் பசிக்கிறது' என்பதை இங்கிலீஷில் எழுதச் சொன்னால், ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பு தடுமாறும். 'மீ ஹங்ரி' என்று ஒருத்தி எழுதுவாள். 'ஐ ஆம் ஹங்கர்' என்று ஒருவன். 'டு மீ ஹங்கர் இஸ் கமிங்' என்று எழுதியவனும் உண்டு. சிரிப்பாக இருந்தாலும், அவன்தான் தமிழைச் சரியாகப் புரிந்துகொண்டவன்.

ஏனென்றால் தமிழில் நாம் பசிப்பதில்லை. நமக்குப் பசிக்கிறது. 'நான் நடக்கிறேன், நீ நடக்கிறாய், அவர்கள் நடக்கிறார்கள்' என்று ஆளுக்கு ஆள் வினைச்சொல் மாறும். ஆனால் எனக்கும் பசிக்கிறது, உனக்கும் பசிக்கிறது, ஊருக்கே பசித்தாலும் பசிக்கிறது. கடைசியில் அந்த 'து' அசையாது. பசி என்பது நாம் செய்யும் காரியமில்லை, நம்மிடம் வந்து நிகழ்வது என்று வாக்கியத்தின் அமைப்பே சொல்லிவிடுகிறது. பிடிப்பது, பயம், கோபம், வலி, தெரிவது, புரிவது எல்லாம் இந்தக் கூட்டம்தான். அனுபவிக்கிற ஆளுக்கு 'கு' உருபு. நான்காம் வேற்றுமை.

பள்ளிக்கூடத்தில் நான்காம் வேற்றுமை என்றால் கொடை என்று படித்திருப்போம். பவணந்தி முனிவர் நன்னூலில் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என ஏழு பொருள்களைச் சொல்லி, இவை முதலானவை என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். புலவருக்குப் பொன் கொடுப்பதும், பாம்புக்குக் கீரி பகையாவதும், ராமனுக்கு லட்சுமணன் தம்பியாவதும் அந்தப் பட்டியலில் அடங்கிவிடும். எனக்குப் பசிப்பது எங்கே அடங்கும் என்று பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

என் வேலை, பிள்ளைகளை பாஸ் செய்ய வைப்பது. அதற்காக ஒரு சூத்திரம் வைத்திருந்தேன். "கு போட்ட ஆளைத் தூக்கி முன்னாடி உட்கார வை. எனக்கு என்றால் ஐ. அவளுக்கு என்றால் ஷி. பசிக்கு ஹங்ரி, பிடிப்பதற்கு லைக், பயத்துக்கு ஸ்கேர்ட். முடிந்தது கதை." கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு அது பசுமரத்தாணியாகப் பதிந்துவிடும். என் வகுப்பில் படித்தவன்தான் அக்காவின் மகன். அவன் தன் மகனுக்கு அதே சூத்திரத்தைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்துத்தான், சின்ன வயதில் 'நான் பசிக்கிறேன்', 'நான் இட்லி பிடிக்கும்' என்று பேசிக்கொண்டிருந்த பையனைத் திருத்தினான். ஆக, சிட்னியில் அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்து பேசியது என் கரும்பலகைதான்.

"போனை அப்பத்தாகிட்ட குடுய்யா" என்றேன்.

"ஏத்தா, இந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது வெளங்கலையா? நான் சொன்னதை அந்தம்மா காதுலயே வாங்கலையே" என்றாள் அக்கா.

"நீ என்ன சொன்னேக்கா? அவன்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு."

"பசிக்கவே மாட்டேங்குதுன்னு சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'பசிக்கல' வேறு, 'பசிக்க மாட்டேங்குது' வேறு. 'பசிக்கல' என்றால் இப்போது பசிக்கவில்லை. பத்து மணிக்கு டிபன் சாப்பிட்டவர் பதினொரு மணிக்குச் சொல்வது. அதற்கு 'ஐ ஆம் நாட் ஹங்ரி' சரிதான். ஆனால் 'மாட்டேங்குது' என்று எப்போது சொல்வோம்? வண்டி கிளம்ப மாட்டேங்குது. பூட்டு திறக்க மாட்டேங்குது. திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவியைப் போட்டுத் திருகித் திருகிப் பார்த்தும் அசையவில்லை என்றால்தான் அந்தச் சொல் வாயில் வரும். நடக்க வேண்டியது, நாமும் காத்திருந்து பார்க்கிறோம், திரும்பத் திரும்ப நடக்காமல் போகிறது. இவ்வளவும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

என் சூத்திரம் ஆளைத் தூக்கி முன்னால் வைத்தது சரி. ஆனால் வினையின் வாலில் இருந்த செய்தியை வெட்டி எறிந்துவிட்டது. ஆளுக்கு ஆள் மாறாத வினை என்பதால், அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன். ஆள் மாறாதே தவிர, காலமும் நிலையும் அதில்தானே இருக்கிறது!

'பசிக்க மாட்டேங்குது' என்பதை ஒரு இங்கிலீஷ்காரர் எப்படிச் சொல்வார்? 'ஐ ஜஸ்ட் டோன்ட் கெட் ஹங்ரி எனி மோர்' என்பார். டாக்டரிடம் என்றால் 'ஐ ஹேவ் லாஸ்ட் மை அப்பிடைட்.' முன்பு இருந்தது, இப்போது போய்விட்டது என்பது அதில் வந்துவிடுகிறது. 'நாட் ஹங்ரி' என்று கேட்கிற டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். 'லாஸ்ட் மை அப்பிடைட்' என்று கேட்டால் பேனாவை எடுப்பார். எத்தனை நாளாக என்பார். இது நோயின் அறிகுறி, அது வெறும் பேச்சு.

அடுத்தது சாப்பாடு. "சாப்பாடு பிடிக்கலைன்னு சொன்னியாக்கா?"

"எதுவும் வாய்க்குப் பிடிக்கலைன்னேன். மருமக பாவம், எனக்காக கருவாட்டுக் கொழம்புகூட வச்சுப் பாத்துருச்சு. எடுத்து வாயில வச்சா மண்ணாட்டம் இருக்கு."

இங்கே கவனியுங்கள். 'எனக்கு'ப் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லவே இல்லை. 'வாய்க்கு'ப் பிடிக்கவில்லை. 'கு' உருபு ஆளை விட்டு வாய்க்குப் போய்விட்டது. கருவாட்டுக் குழம்பு அக்காவுக்கு உயிர். அவளுக்கு அது இன்றும் பிடிக்கும். அவள் வாய்க்குத்தான் பிடிக்கவில்லை.

பிடிப்பதைப் பற்றிய வாக்கியங்களில் நம் தமிழ் மிக நுணுக்கமானது. 'எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது' என்றால் எப்போதுமே பிடிக்காது, அது என் சுபாவம். 'ஐ டோன்ட் லைக் பிரிஞ்சால்.' 'இந்தக் கத்தரிக்காய்க் குழம்பு பிடிக்கல' என்றால் இன்றைக்கு வைத்தது பிடிக்கவில்லை. 'ஐ டிட்ன்ட் லைக் இட்.' பெண் பார்த்துவிட்டு வந்து 'பிடிச்சிருக்கா?' என்று கேட்கிறோம், 'பிடிக்குமா?' என்று கேட்பதில்லை. பார்த்ததும் ஏற்பட்டு, இப்போது நிற்கிற நிலை அது. அதையே 'பிடிச்சிருந்துச்சு' என்று பையன் சொன்னால், வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படியானால் இப்போது பிடிக்கவில்லையா? ஒரு எழுத்தில் கல்யாணம் நின்றுவிடும். இங்கிலீஷில் 'பிடிக்கும்', 'பிடிச்சிருக்கு' இரண்டுமே 'லைக்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுவதால், வித்தியாசத்தை வேறு சொல் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

அக்கா சொன்ன 'எதுவும் வாய்க்குப் பிடிக்கல' என்பதற்கு 'லைக்' என்ற சொல்லே வரக்கூடாது. 'ஷி டஸின்ட் லைக் த ஃபுட்' என்றால் சமைத்தவரின் குறை. 'நத்திங் டேஸ்ட்ஸ் ரைட்' அல்லது 'ஐ ஹேவ் கான் ஆஃப் ஃபுட்' என்றால்தான் சாப்பிடுகிறவரின் உடம்பில் ஏதோ கோளாறு என்று புரியும். 'நத்திங் டேஸ்ட்ஸ் ரைட் டு மீ' என்று 'டு மீ' சேர்த்தும் சொல்லலாம். பார்த்தீர்களா, நம் 'எனக்கு' அங்கேயும் எட்டிப்பார்க்கிறது.

உண்மையில் இங்கிலீஷுக்கும் இது ஒருகாலத்தில் சொந்தமாக இருந்ததுதான். இன்றைக்கு 'ஐ லைக்' என்கிறார்களே, அந்த 'லைக்' ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய இங்கிலீஷில் 'உவப்பாக இருப்பது' என்ற பொருளில், நம்மைப்போலவே ஆளுக்கு நான்காம் வேற்றுமை போட்டு வந்தது. பசிப்பதற்கும் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு வேற்றுமை உருபுகள் தேய்ந்தன. ஆள் வாக்கியத்தின் முன்னால் நிற்பதைப் பார்த்தவர்கள் அதையே எழுவாய் என்று எடுத்துக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பழைய வழக்கின் மிச்சம் இன்னும் தெரியும். 'மீதிங்க்ஸ்' என்பது 'எனக்குத் தோன்றுகிறது' என்பதன் அண்ணன் தம்பிதான்.

நம் பக்கத்தில் அது தேயவில்லை. தெலுங்கு, மலையாளம், கன்னடம் மட்டுமில்லை, இந்தியிலும் 'முஜே பூக் லகி ஹை' என்று ஆளுக்கு உருபு போடுகிறார்கள். இலங்கையின் சிங்களத்திலும் 'மட்ட படகினி' என்று 'எனக்கு'ப் போட்டுத்தான் சொல்கிறார்கள். குடும்பம் வேறான மொழிகள், ஒரே தெருவில் குடியிருந்து ஒரே வழக்கத்தைப் பழகிக்கொண்டவை. மொழியியல்காரர்களுக்கு இது பெரிய ஆராய்ச்சிப் பொருள். தெற்காசிய மொழிகளில் இந்த 'அனுபவிக்கும் எழுவாய்' பற்றி மட்டும் மணீந்திர வர்மாவும் கே.பி.மோகனனும் தொகுத்த ஒரு தடித்த புத்தகம் 1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வெளிவந்தது. நான் பாடம் நடத்திய காலத்தில் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அக்காவிடம் திரும்புகிறேன். மூன்றாவது வரிதான் என்னை உலுக்கியது.

"பயமா இருக்குன்னு சொன்னியா? எதைக் கண்டுக்கா பயம்?"

"பயமா இருக்குன்னு எங்க சொன்னேன்? விடியக்காலம் பயமா வருதுன்னேன். பய என்னடான்னா, 'பயப்படாதீங்க அப்பத்தா, நாங்க இருக்கோம்'கிறான். நானாத்தா பயப்படுறேன்? அதுவால்ல வருது!"

32 வருடத்தில் எந்த இலக்கணப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரவில்லை.

'பயப்படுறேன்' என்பதில் நான் எழுவாய். அதனால்தான் 'பயப்படாதே', 'கோபப்படாதே' என்று ஒருவரைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. ஓரளவுக்கு நம் கையில் இருப்பது என்ற நினைப்பு அதில் உண்டு. 'எனக்குப் பயமா வருது' என்பதில் பயம்தான் நடமாடுகிறது, நான் அது வந்து நிற்கிற இடம். பசியைப் பார்த்து 'பசிக்காதே' என்று நாம் வேண்டுமானால் புலம்பலாம், பிள்ளையைப் பார்த்து 'நீ பசிக்காதே' என்று சொல்ல முடியுமா? 'வேணும்னே கோபப்பட்டேன்' என்று சொல்லலாம். 'வேணும்னே எனக்குக் கோபம் வந்துச்சு' என்றால் சிரிப்பார்கள். ஒரு வாக்கியம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், 'வேணும்னே' போட்டுப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது 'அதுவா வருகிற' வகை.

அதற்குள்ளேயே 'பயம்', 'பயமா இருக்கு', 'பயமா வருது' என்று மூன்று. 'எனக்கு நாயைக் கண்டா பயம்' என்றால் நிரந்தரம். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்.' 'பயமா இருக்கு' என்றால் இப்போதைய நிலை. பரீட்சைக்கு முன்னால் பிள்ளை சொன்னால் 'ஐ ஆம் நெர்வஸ்', இருட்டில் சொன்னால் 'ஐ ஆம் ஸ்கேர்ட்'. ஆனால் 'வருது' என்று சொன்னால் அது இல்லாத இடத்தில் திடீரென்று கிளம்புவது. தலைசுற்றல் வருவதுபோல, வாந்தி வருவதுபோல. அதை 'ஷி இஸ் ஸ்கேர்ட்' என்று சொன்னால், டாக்டர் 'எதைக் கண்டு?' என்றுதான் யோசிப்பார். இங்கிலீஷில் ஸ்கேர்ட் என்றால் பின்னால் ஒரு காரணம் வேண்டும். காரணத்தைக் காணோம் என்றால், தனிமை, புது இடம் என்று அவர்களே ஒன்றை வைத்துக்கொள்வார்கள்.

"எப்படி வருதுக்கா?"

"நாலு நாலரைக்கு முழிப்புத் தட்டும். நெஞ்சு படபடன்னு அடிக்கும். கை நடுங்கும். முதுகெல்லாம் வேர்த்து ஊத்தும். இந்தக் குளுருல வேர்க்குதுத்தா! அப்பப் பயமா வரும். எந்திரிச்சுப் போயி, மருமகளுக்குத் தெரியாம ஒரு கரண்டி சீனி போட்டு காப்பி குடிப்பேன். அடங்கிரும்."

காலமான என் வீட்டுக்காரர் இருபது வருடம் சர்க்கரை நோயாளி. சீனி போட்டால் அடங்குகிற பயம் எது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் டாக்டர் இல்லை. பையனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, நாளைக்கு அப்பத்தாவுக்கு அப்படி வரும்போது, காப்பிக்கு முன்னால் விரலில் குத்தி மீட்டரில் பார். இரண்டு, நான் அனுப்பும் நாலு வரியை, அப்பத்தா சாப்பிடும் மாத்திரை அட்டைகளோடு டாக்டரிடம் கொடு.

மறுநாள் காலை மீட்டரில் 3.2 என்று வந்தது. அந்த நாட்டுக் கணக்கு அது. 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கில் சுமார் 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. உடனே மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். ஏறிவிட்டது. அன்றே மீண்டும் டாக்டரிடம் போனார்கள்.

நான் எழுதி அனுப்பியதில் புது இலக்கணம் ஒன்றும் இல்லை. முதல் வரி, இரண்டு மாதமாகப் பசியே எடுப்பதில்லை. இரண்டாவது, தனக்கு மிகவும் பிடித்த சாப்பாடுகூட வாயில் ருசிப்பதில்லை. மூன்றாவது, விடியற்காலையில் நடுக்கமும் வியர்வையுமாகக் காரணமில்லாத ஒரு பயம் திடீரென்று வருகிறது. இதற்கு 'எ சடன் ஃபீலிங் ஆஃப் ஃபியர் கம்ஸ் ஓவர் மீ' என்று எழுதினேன். என் பழைய மாணவன் எழுதிய 'ஹங்கர் இஸ் கமிங்' நினைவுக்கு வந்தது. பயம் வருவதை அப்படியே வரவிட்டு எழுதவும் இங்கிலீஷில் இடம் இருக்கிறது! நாலாவது வரி, சீனி சாப்பிட்டால் அடங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் 'ஷி' போடாமல் 'ஐ' போட்டே எழுதினேன். பேசுகிறவள் அவள்தானே.

டாக்டர் மாத்திரை அட்டைகளைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டதாம். அக்கா சாப்பிட்டது மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை. மெட்ஃபார்மின் சிலருக்கு, அதுவும் அளவு கூடும்போது, பசியை அடக்கிவிடும். வாய் ருசியையும் கெடுக்கும். கிளிமெபிரைடோ, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். ராத்திரி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டால், விடியற்காலையில் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். அந்த நேரத்து நடுக்கமும் படபடப்பும் பயமும் உடம்பு அடிக்கிற அபாய மணி. பிடித்ததைச் சமைத்துக்கொடுத்து இரண்டு வாரம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்கு... பாருங்கள், பயமாக வருகிறது.

ரத்தப் பரிசோதனைகள் எடுத்தார்கள். கிளிமெபிரைடை நிறுத்தினார்கள். மெட்ஃபார்மினைக் குறைத்தார்கள். அடுத்த முறை வரும்போது பேரனை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டில் டாக்டர்களுக்காக அரசாங்கமே போனில் மொழிபெயர்ப்பாளரைத் தருகிறது. தமிழுக்கும் உண்டு. நோயாளி 'எனக்கு' என்றால் அவரும் 'ஐ' என்றே பேசுவார், 'அவர் சொல்கிறார்' என்று நடுவில் நுழையமாட்டார். வீட்டுப் பிள்ளைகளுக்கு அது முடியாது. அப்பத்தா அழுதால் அவர்களுக்கும் அழுகை வரும்.

உங்கள் வீட்டிலும் அம்மாவையோ மாமியாரையோ தமிழ் தெரியாத டாக்டரிடம் அழைத்துப் போகும் வேளை வரலாம். சிட்னிவரை போக வேண்டாம், பெங்களூருவே போதும். 'கு' போட்ட ஆளை முன்னால் உட்கார வைப்பது சரிதான், அதில் மாற்றமில்லை. அதற்கு முன் வினையின் வாலைப் பாருங்கள். பசிக்கலையா, பசிக்கிறதே இல்லையா, பசிக்க மாட்டேங்குதா? 'கு' யாருக்குப் போயிருக்கிறது, ஆளுக்கா, வாய்க்கா, உடம்புக்கா? பயம் இருக்கிறதா, வருகிறதா? வருகிறது என்றால் எப்போது வருகிறது, எதனால் போகிறது? தெரியவில்லை என்றால் மொழிபெயர்க்காதீர்கள், அம்மாவிடமே திரும்பக் கேளுங்கள். அவர்கள் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேரன் வந்தான். பின்னால் அடுப்படியில் அக்காவின் சத்தம் கேட்டது. "என்னடா இன்னும் சோறாகல? பசி வயித்தைக் கிள்ளுது!"

"சின்ன அப்பத்தா, இதை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றான் சிரித்துக்கொண்டே.

"நீயே சொல்லுய்யா, பாப்போம்."

கொஞ்சம் யோசித்தான். 'ஷி இஸ் நாட் ஹங்ரி' என்று சொன்ன அதே வாய்தான். இப்போது, "'ஐ ஆம் ஸ்டார்விங்.' சரியா?" என்றான்.

முழு மார்க் போட்டேன்.